சம்பை ஆழப்படுத்துவதா, பெல் மவுத் மாட்டி நீர்ப்பாதையைத் திருத்துவதா?

பரங்கிப்பேட்டைப் பக்கம், வெள்ளாற்று உப்பு வாய்க்காலில் நீர் எடுக்கும் ஓர் இறால் பண்ணையின் பம்ப் ஹவுஸ் என் பொறுப்பில் இருக்கிறது. ஓதம் வடிந்து நீர் தாழும் வற்ற நேரத்தில் அங்கே பம்ப் காற்றை இழுக்கும். "சார், தண்ணி வத்தினா மோட்டார் உறுமுது, அப்புறம் சும்மா சுத்துது" என்பார் ஆபரேட்டர். சரிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பம்ப் நீரை உறிஞ்சும் தொட்டியான சம்பின் தளத்தை உடைத்து ஆழப்படுத்துவது. மற்றது, குழாய் முனையில் மணிபோல் விரிந்த வாயான பெல் மவுத் மாட்டி, நீர் வந்து சேரும் பாதையைத் திருத்துவது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். கடலோர மண்ணில் அதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

முதலில், வருவது நீரின் சுழி வழியே மேலிருந்து இறங்கும் சுழிக் காற்றுதானா என்று பார்த்துவிட வேண்டும். சக்‌ஷன் குழாயின் ஃபிளாஞ்ச் கசிந்தாலும் பம்ப் இதேபோல் திணறும். ஆனால் கசிவுக் காற்று நீர்மட்டம் ஏறினாலும் நிற்காது. சுழிக் காற்று மட்டம் இறங்கும்போது வரும், ஏறும்போது போய்விடும். பம்புக்குள் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழிகள் உண்டாகி உடையும் கேவிட்டேஷன் என்றால் ஜல்லி உருட்டுவது போன்ற சத்தம் விடாமல் கேட்கும். சுழி என்றால் சத்தம் விட்டுவிட்டு வரும், அதே தாளத்தில் ஆம்மீட்டர் முள்ளும் ஆடும். சம்பில் ஒரு கைப்பிடி உமியைத் தூவினால் மிச்சமும் தெரிந்துவிடும். எங்கள் சம்பில் உமி வட்டமாகச் சுற்றி, குழாய்க்கு ஓர் அடி தள்ளி ஒரு குழிக்குள் இறங்கியது. குழியின் அடியிலிருந்து விரல் பருமனில் ஒரு காற்று வால் குழாய் வாய்வரை நீண்டது. டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டத்தை முக்கால் பங்காக்கியதும் வால் அறுந்து, மேலே வெறும் பள்ளம் மட்டும் நின்றது. நீரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு காற்று கலந்தாலே, பம்ப் நீரை ஏற்றும் உயரமான ஹெட்டும் ஓட்டமும் கண்கூடாகக் குறையும் என்பதால், இதை அப்படியே விட முடியாது.

இனி கணக்கு. பம்ப் விநாடிக்கு 100 லிட்டர் எடுக்கிறது. சக்‌ஷன் குழாய் 250 மி.மீ., முனை வெட்டிவிட்டபடி வெறுமனே இருந்தது. சம்ப் 2.5 மீட்டர் சதுரம். மோசமான வற்றத்தில் தளத்திலிருந்து 90 செ.மீ. நீர் நிற்கும். குழாய் வாய் தளத்துக்கு 10 செ.மீ. மேலே இருந்ததால், வாய்க்கு மேல் இருந்த நீர் 80 செ.மீ.தான்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு, அமெரிக்காவின் ஹைட்ராலிக் இன்ஸ்டிட்யூட் 9.8 தரநிலையில் எளிய வாய்பாடு இருக்கிறது: S = D(1 + 2.3 Fr), இதில் Fr = V/√(gD). S என்பது வாய்க்கு மேல் நிற்க வேண்டிய குறைந்தபட்ச நீர், D வாயின் விட்டம், V வாயில் நீரின் வேகம், g புவியீர்ப்பு முடுக்கம், Fr ஃப்ரூட் எண். எங்கள் குழாய் முனையில் வேகம் விநாடிக்கு 2.04 மீட்டர். Fr சுமார் 1.3 வரும், S சரியாக 1 மீட்டர். இருந்தது 80 செ.மீ., ஆகவே 20 செ.மீ. பற்றாக்குறை. ஓட்டத்தை 75 லிட்டராக வைத்துப் போட்டால் S 81 செ.மீ. ஆகிறது. வால்வை மூடியபோது காற்று வால் அறுந்ததும் இதனால்தான். வாய்பாடும் உமியும் ஒரே விஷயத்தைச் சொன்னதில் எனக்குக் கணக்கின் மேல் நம்பிக்கை வந்தது.

ஆழப்படுத்தினால் இந்த 20 செ.மீ. கிடைத்துவிடும். குழாயை இன்னும் கீழே இறக்கினால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம். மட்டம் எதிர்பாராமல் இறங்கினாலும் கையிருப்பு இருக்கும். பண்ருட்டிப் பக்கச் செம்மண் மேட்டில், தெளிந்த நீர் வரும் சம்பாக இருந்தால் நானே இதைத்தான் சொல்வேன்.

எங்கள் இடத்தில் இரண்டு முழம் தோண்டினாலே மணலிலிருந்து நீர் ஊறும். தளத்தை உடைக்கும் முன் சுற்றிலும் வெல்பாயின்ட் என்னும் உறிஞ்சு குழாய்களை மண்ணில் இறக்கி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய சுவரின் அடிமண் கரைந்து வரும். புதுத் தளம் போட்ட பிறகும், சம்பைக் காலி செய்யும் நாளில் நிலத்தடி நீர் அதை மேலே தள்ளும். வெளியே நீர்மட்டம் தளத்தின் அடிக்கு 1.5 மீட்டர் மேலே இருந்தால், சதுர மீட்டருக்கு 1.5 டன் மேல்நோக்கு விசை. தளம் தன் எடையால் மட்டுமே அதைத் தாங்க வேண்டுமானால் 60 செ.மீ. கனத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். 20 செ.மீ. நீருக்காக இவ்வளவு.

செலவைக்கூட ஒரு முறைதானே என்று ஏற்றுக்கொள்ளலாம். என்னைத் தீர்மானிக்க வைத்தது சேறு. வெள்ளாற்று நீர் வண்டலைச் சுமந்து வருகிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் அதிகமாக. நீர் மெதுவானால் அது படியும். எங்கள் பழைய சம்பில் 2.5 மீட்டர் அகலம், 90 செ.மீ. ஆழத்தில் 100 லிட்டர் நகர்ந்தால் வேகம் விநாடிக்கு 4.4 செ.மீ. மட்டுமே. அதை அரை மீட்டர் தோண்டி 1.4 மீட்டர் ஆழமாக்கினால் 3 செ.மீ.க்கும் கீழே போகும். வாய்க்கால் தரையைவிடத் தாழ்ந்து, நீரும் ஏறக்குறைய நிற்கிற இடம் வண்டல் பிடிக்கும் குழிதான். அந்தப் பக்கத்திலேயே வேறொரு பண்ணையில் அரை மீட்டர் ஆழப்படுத்தினார்கள். ஒரு மழைக்காலம் கழிந்ததும் சேறு பழைய தள மட்டத்துக்கே வந்துவிட்டது. வாய்க்கு மேலுள்ள நீரைச் சேறு குறைப்பதில்லை. வாய்க்குக் கீழே உள்ள இடைவெளியை அடைக்கிறது. குழாய் சேற்றை உறிஞ்சத் தொடங்கியதும் வாயை உயர்த்தித்தான் ஆக வேண்டும், தோண்டிப் பெற்ற ஆழம் அப்படியே கைவிட்டுப் போகிறது. காப்பாற்ற வேண்டுமானால் வாய்க்காலை அடைத்து, நீரை இறைத்து, ஆள் இறங்கி வாரிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை காலி செய்யும்போதும் மேலே சொன்ன மேல்நோக்கு விசையும் திரும்ப வரும்.

பெல் மவுத் கணக்கு இப்படி. வாயை 400 மி.மீ. ஆக்கினால் வேகம் விநாடிக்கு 80 செ.மீ. ஆகக் குறைகிறது, S 77 செ.மீ. போதும். தரநிலைப்படி வாய்க்கும் தளத்துக்கும் இடையே விட்டத்தில் 0.3 முதல் 0.5 மடங்கு விட வேண்டும். 12 செ.மீ. வைத்தால் மொத்தம் 89 செ.மீ., எங்களிடம் இருந்ததோ 90. பெல்லை இன்னும் பெரிதாக்கலாமே என்று தோன்றும். 450 மி.மீ.க்கு S 76 செ.மீ., 500க்கும் அதே 76தான். வேகம் குறைவதால் கிடைக்கும் லாபத்தை D பெரிதாவது தின்றுவிடுகிறது. தளத்து இடைவெளியும் கூடுவதால் மொத்தத்தில் நஷ்டம். 400ல் நிறுத்திக்கொண்டோம்.

பெல் மட்டும் மாட்டியிருந்தால் போதாது. நீர் நேராகவும் சீராகவும் வந்தால்தான் அந்த வாய்பாடு செல்லும். எங்கள் வாய்க்கால் சம்பின் ஒரு மூலையில் பக்கவாட்டாகப் புகுந்தது. நீர் உள்ளே வரும்போதே சுழன்றுகொண்டு வந்தது, நடுவில் நின்ற குழாயைச் சுற்றிப் பின்பக்கமும் போய்வந்தது. இப்படிச் சுழலும் நீரில் ஆழத்தைக் கூட்டினால் சுழி தள்ளிப்போகலாமே தவிர, சுழற்சி நிற்காது. காற்று வராவிட்டாலும் அந்தச் சுழற்சி பம்பின் சுழலியான இம்பெல்லருக்குள் போகும். இம்பெல்லர் சுற்றும் திசையிலேயே இருந்தால் ஹெட் குறையும், எதிர்த்திசை என்றால் மோட்டார் சுமை ஏறும். ஆழப்படுத்தும் வழி இதைத் தொடுவதே இல்லை.

ஆகவே மூலை வாயை அடைத்து, வாய்க்காலைக் கொஞ்சம் வளைத்து, முன்சுவரில் நேராக ஒரு வாய் திறந்தோம். வளைவு முடியும் இடத்தில் ஏறத்தாழ பாதிப் பரப்பு ஓட்டைகளாக இருக்கும்படி ஒரு தடுப்புச்சுவர், வளைவில் ஒருபக்கமாகச் சாய்ந்துவரும் நீர் அதில் மோதிப் பரவி நேராகிறது. சம்புக்குள் இரண்டு பக்கச் சுவர்கள் எழுப்பி அகலத்தை 80 செ.மீ. ஆக்கினோம், அது பெல் விட்டத்தில் இரு மடங்கு. குழாயைப் பின்சுவர்ப் பக்கம் நகர்த்தி, பெல் விளிம்புக்கும் சுவருக்கும் 10 செ.மீ. மட்டும் விட்டோம், அது விட்டத்தில் கால் பங்கு. பின்பக்கம் இடம் இல்லாவிட்டால் நீர் சுற்றிவர வழியில்லை. பெல்லின் நடுவிலிருந்து முன்வாய்வரை 2 மீட்டருக்குக் குறையாமல் நேர்ப்பாதை கிடைத்தது. தரநிலை கேட்பது ஐந்து மடங்கு விட்டம், அதாவது அதே 2 மீட்டர். 2.5 மீட்டர் சம்புக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. தளத்திலிருந்து கிளம்பும் சுழிக்கு, பெல்லுக்கு நேர் கீழே நீரோட்டத் திசையில் முக்கோண வடிவில் ஒரு தாழ்ந்த திட்டு வைத்தோம்.

அகலம் குறைந்ததால் சேறு விஷயத்திலும் பலன் கிடைத்தது. இப்போது உள்ளே வேகம் விநாடிக்கு 14 செ.மீ., பழையதைவிட மூன்று மடங்கு. தரநிலை அனுமதிக்கும் 50 செ.மீ.க்கு இது வெகுவாகக் கீழே, ஆனால் மென்வண்டலில் பெரும்பகுதி தங்காமல் நகர்ந்துவிட இது போதுகிறது. நகர்ந்தது குளத்துக்குப் போகிறது, அங்கே வாருவது எளிது. தளத்தில் படிவது இல்லாமல் இல்லை. நீளக் கம்பியை விட்டுப் பார்த்து, பெல் அடியில் இடைவெளி குறைகிறதா என்று கவனிக்கிறோம்.

பெல்லை இரும்பில் செய்தால் உப்புநீர் விடாது. கடலூர்ப் பக்கம் ஃபைபர் படகு கட்டுகிறவர்களிடம் அச்சு கொடுத்து ஃபைபரில் வார்த்துக்கொள்ளலாம். ஃபிளாஞ்ச் பகுதியைக் கனமாகப் போடச் சொல்ல வேண்டும், உள்வளைவு வழவழப்பாக இருக்க வேண்டும். குழாய் முனையில், பம்ப் நின்றபின் நீரைக் குழாயில் பிடித்து வைக்கும் ஃபுட் வால்வு இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல், பெல் மாட்டினால் அது போய்விடும். எங்களிடம் ஓட்டும் முன் குழாயில் நீரை இழுத்து நிரப்பும் வேக்குவம் பம்ப் முன்பே இருந்தது. இல்லாதவர்கள் அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவதாக, நீரில் மரச்சட்டம் மிதக்கவிடும் வழியும் உண்டு. மேற்பரப்புச் சுழியை அது உடைக்கும், மலிவு. ஓதம் ஏறி இறங்கும்போது சட்டமும் தடையின்றி ஏறி இறங்க வேண்டும், தளச் சுழியை அது தொடாது. நான் அதைக் குளத்துச் சம்பில்தான் பார்த்திருக்கிறேன், கழிமுகத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதேபோல், நான் இங்கே சொல்வதெல்லாம் ஒற்றைப் பம்ப் உள்ள சிறிய சம்புக்கு. பல பம்புகள் ஒன்றாக ஓடும் இடத்தில் ஒன்றின் ஓட்டம் மற்றதைத் திருப்பும். ஒரு பம்பே விநாடிக்கு 2,500 லிட்டருக்கு மேல் எடுத்தால், மாதிரி கட்டிச் சோதிக்க வேண்டும் என்கிறது அதே தரநிலை.

வேலை முடிந்து, அமாவாசை வற்றத்தில் முழு ஓட்டத்தில் வைத்து மறுபடி உமி தூவினோம். பெல்லுக்கு மேலே லேசான பள்ளம் தெரிந்தது, உமி சுற்றாமல் நேராக வந்து பின்சுவரோரம் ஒதுங்கியது, காற்று வால் இல்லை. கையிருப்பு 1 செ.மீ. மட்டுமே என்பதால், நீர் 89 செ.மீ.க்குக் கீழே போனால் மோட்டார் நிற்கும்படி எலக்ட்ரோடு வைத்திருக்கிறோம். கடும் கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் சில மணி நேரம் பம்ப் ஓடாமல் இருக்கும், அந்த நேரத்தை ஓத ஏற்றத்தில் ஈடுகட்டிக்கொள்கிறோம். பெல் விளிம்பில் ஓட்டுயிரான கொட்டலசு ஒட்டினால் வழவழப்பு போய்விடும், அதனால் ஒவ்வொரு அறுவடைக்கும் பிறகு குழாயைத் தூக்கிச் சுரண்டிவிட்டுத்தான் திரும்ப இறக்குகிறோம்.