அமேசான் ரிவியூவா, கூகுள் மேப்ஸ் ரிவியூவா: செக்கு எண்ணெய் விற்கும் முன் படித்ததில் தெரிந்தவை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கடலை விளைவிக்கும் குடும்பம் எங்களுடையது. மூட்டையாகக் கடலையை விற்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைக் கூரியர் மூலம் வெளியூர்களுக்கு விற்கலாம் என்று முடிவெடுத்தபோது, ஏற்கெனவே நூற்றுக்கணக்கானோர் இருக்கும் சந்தையில் எங்களுக்கு எங்கே இடம் இருக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருந்தது. அதற்கு விடை தேட எங்களுக்கு எட்டியவை இரண்டு. ஒன்று, அமேசானில் மற்ற விற்பனையாளர்களின் எண்ணெய்க்கு வாங்கியவர்கள் எழுதியிருக்கும் ரிவியூக்கள். மற்றொன்று, செக்கு எண்ணெய்க் கடைகளுக்குக் கூகுள் மேப்ஸில் எழுதப்பட்டிருக்கும் ரிவியூக்கள். இரண்டையும் படித்தபின் அமேசானையே முதன்மையாக வைத்து எங்கள் பொருளைத் தீர்மானித்தோம். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். இரண்டையும் செலவில்லாமல் படிக்கலாம், இரண்டிலும் பொய் ரிவியூ உண்டு. இணைய ரிவியூக்களைச் சேகரிப்பதற்கும் வெளியிடுவதற்கும் இந்திய தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்ததே இந்தச் சிக்கலால்தான். ஐந்து நட்சத்திரத்தோடு 'அருமை' என்று மட்டும் எழுதியவரிடமிருந்து புதிதாகத் தொழில் தொடங்குபவர் அறிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஒற்றை நட்சத்திரத்தோடு கோபமாக எழுதியவரிடமும் பெரும்பாலும் கூரியர் மீதான வருத்தமே மிஞ்சுகிறது. இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டு நான்கைந்து வரி எழுதியவர்களே நமக்குத் தேவையானவர்கள். அவர்களுக்குப் பொருள் பிடித்திருக்கிறது, ஏதோ ஒன்று மட்டும் குறைகிறது.

கூகுள் மேப்ஸில் அமேசானுக்கு இல்லாத ஒரு நல்ல குணம் உண்டு. அங்கே ரிவியூ எழுதப்படுவது ஒரு பொருளுக்கு அல்ல, கடைக்கே. அதனாலேயே, வாங்க வந்து வாங்காமல் திரும்பியவரின் குரலும் அங்கே பதிவாகிறது. 'ஞாயிற்றுக்கிழமை போனேன், கடை பூட்டியிருந்தது', 'நல்லெண்ணெய் கேட்டேன், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்', 'நம் கடலையைக் கொடுத்தால் ஆட்டித் தருவதில்லை' என்பன போன்ற வரிகளை அமேசானில் காண முடியாது, ஏனென்றால் கிடைக்காத பொருளுக்கு அங்கே ரிவியூ எழுத இடமே இல்லை. ஒரே ஊரில் கடை திறக்கப்போகிறவருக்கு இவை பொன்னான தகவல்கள். நான் கடை வைக்கப்போகிறவனாக இருந்தால், சுற்றுவட்டாரத்தில் இருக்கும் செக்குகளின் ரிவியூக்களைக் கூகுளில்தான் முதலில் படித்திருப்பேன். தையல், சமையல் ஒப்பந்தம் போன்ற சேவைத் தொழில்களுக்கும் அதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன், ஆனால் அவற்றுக்காக நான் படித்துப் பார்த்ததில்லை.

கூரியரில் விற்பவருக்கு நிலைமை வேறு. அவருக்கு ஒரு குறையைப் பற்றி மூன்று விவரங்கள் வேண்டும்: அது எந்த மாதத்தில் எழுதப்பட்டது, எந்த அளவுப் பாட்டிலுக்கு எழுதப்பட்டது, எழுதியவர் உண்மையில் வாங்கியவரா. அமேசானில் ஒவ்வொரு ரிவியூவின் மேலும் நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருக்கும். ஒரே பக்கத்தில் அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என்று பல அளவுகள் விற்கப்பட்டால், எந்த அளவு வாங்கப்பட்டது என்பதும் அதன் கீழே தெரியும். வாங்கியவர் என்பதற்கு Verified Purchase என்ற அடையாளம் இருக்கும். கூகுள் மேப்ஸில் பெரும்பாலும் 'ஒரு வருடத்திற்கு முன்பு', 'இரண்டு வருடங்களுக்கு முன்பு' என்றுதான் பார்க்க முடிகிறது. இது சிறிய வேறுபாடு போலத் தோன்றலாம். எங்கள் முடிவு முழுவதும் இந்த ஒன்றின் மீதே நின்றது என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் செய்தது எளிய வேலைதான். நன்கு விற்கும் சில கடலை எண்ணெய்ப் பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, Most recent என்ற வரிசையில், நட்சத்திரம் வாரியாகப் படித்தோம். எல்லா ரிவியூக்களையும் ஒரே மூச்சில் அமேசான் காட்டாது. நட்சத்திரத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால்தான் பழையவை வரை போக முடியும். ஒவ்வொரு குறையையும் எழுதியவரின் சொல்லிலேயே ஒரு எக்செல் தாளில், நாள், அளவு, விற்பனையாளர், குறை என்ற நான்கு பத்திகளில் குறித்துக்கொண்டோம். சுருக்கி நம் சொல்லில் எழுதக் கூடாது. 'கசிவு' என்று சுருக்கிவிட்டால், மூடி வழியாகக் கசிந்ததா, பாட்டில் உடைந்து கசிந்ததா என்பது பிறகு தெரியாமல் போய்விடும்.

தாளில் சேர்ந்த குறைகளில் சில உண்மையில் குறைகளே அல்ல. 'ஒரு லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள், எடை போட்டால் 910 கிராம்தான் இருக்கிறது' என்பது அடிக்கடி வருவது. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். 'பூரி போட்டால் நுரைத்துப் பொங்குகிறது, கலப்படம்' என்பது இன்னொன்று. சுத்திகரிக்காத எண்ணெயில் வித்தில் உள்ள பசைப்பொருளும் சிறிது ஈரமும் தங்கியிருப்பதால் நுரை வருவது இயல்பு. எண்ணெயை நன்றாகத் தெளியவிட்டால் குறையும், முற்றிலும் போகாது. இவற்றைப் பார்த்துவிட்டு 'நுரைக்காத செக்கு எண்ணெய்' விற்கலாம் என்று ஒருவர் கிளம்பினால், சுத்திகரித்த எண்ணெயைத்தான் விற்க வேண்டியிருக்கும். இத்தகையவற்றுக்கு லேபிளில் இரண்டு வரி விளக்கம் போதும். தொழிலின் உட்புறம் தெரியாதவர் ரிவியூ படிக்கும்போது வழி தவறுவது இங்கேதான்.

அடுத்தது கசிவு. இங்கே அளவு கைகொடுத்தது. ஒரே விற்பனையாளரின் ஒரு லிட்டர் பாட்டிலுக்குத் தொடர்ந்து கசிவுக் குறை வர, அவருடைய ஐந்து லிட்டர் கேனுக்கு வராவிட்டால், கூரியரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 'பெட்டி நசுங்கி வந்தது' என்றால் கூரியர். 'மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே சீல் இல்லை, பெட்டி முழுக்க எண்ணெய்' என்றால் விற்பவர் பாட்டிலின் வாயில் அலுமினியத் தாளை ஒட்டும் இண்டக்‌ஷன் சீல் போடவில்லை. கையில் பிடித்து ஒட்டும் சிறிய இயந்திரமே சந்தையில் கிடைக்கிறது. ஒட்டியபின் பாட்டிலைச் செய்தித்தாளின் மீது இரவு முழுக்கப் படுக்க வைத்து, காலையில் தாளில் எண்ணெய்ப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தால் சீலின் தரம் தெரிந்துவிடும். இது சிறு தொழிலால் உறுதியாக நிரப்பக்கூடிய இடைவெளி. ஆனால் போட்டியாளரும் ஒரே மாதத்தில் இதைச் சரிசெய்துவிட முடியும் என்பதால், இதை மட்டும் நம்பித் தொழில் தொடங்க முடியாது. அந்தப் பக்கங்களில் ஒன்றில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் குவிந்திருந்த கசிவுக் குறைகள் பிறகு அறவே நின்றுவிட்டிருந்தன. அவர் சரிசெய்துவிட்டார், இடைவெளியும் மூடிவிட்டது. நாள் தெரியாவிட்டால் அதை இன்னும் திறந்திருக்கும் இடைவெளியாகத்தான் எண்ணியிருப்போம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது சிக்கு வாடை. 'போன முறை நன்றாக இருந்தது, இந்த முறை காறல் அடிக்கிறது' என்ற வகை ரிவியூக்கள் ஒரே விற்பனையாளருக்குச் சில வாரங்களில் மட்டும் குவிந்திருந்தால், அது ஏதோ ஒரு முறை ஆட்டிய எண்ணெயின் கோளாறு, அந்த எண்ணெய் விற்றுத் தீர்ந்ததும் முடிந்துவிடும். ஆண்டு முழுக்கப் பரவியிருந்தால் சேமிப்பிலோ பாட்டிலிலோ கோளாறு. நாங்கள் பார்த்த பக்கங்களில் இரண்டு விற்பனையாளர்களுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை ஒட்டியே இந்தக் குறை மிகுந்திருந்தது. கடலை விளைவிக்கிறவர்களுக்கு இதன் காரணம் உடனே புலப்படும். இறவையில் போட்ட கடலை கோடையின் தொடக்கத்தில் அறுவடையாகும். ஆடிப்பட்டத்து மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகை வாக்கில்தான் வரும். இடைப்பட்ட காலத்தில் ஆட்டப்படுவது கோடை வெயிலில் கிடங்கில் கிடந்த பருப்பு. அதுவும் ஓடு நீக்கிய பருப்பாக வாங்கி அடுக்கியிருந்தால், உடைந்த பருப்பில் காறல் விரைவில் ஏறிவிடும். ஓட்டோடு இருக்கும் காய் அதைவிட நெடுநாள் தாங்கும்.

இந்த விளக்கம் முழுக்க எங்கள் ஊகம்தான். இரண்டு ஆண்டுகளின் ரிவியூக்களை மட்டும் வைத்துப் பருவத்தைப் பற்றி உறுதியாகப் பேசக் கூடாது. மேலும், ரிவியூ எழுதிய நாள் எண்ணெய் வாங்கிய நாள் அல்ல. கசிவைப் பற்றி வாங்கியவர் மறுநாளே எழுதிவிடுவார், வாடையைப் பற்றி எழுத ஒரு மாதம்கூட ஆகலாம். ஐந்து லிட்டர் கேன் வாங்கியவர் எழுதியிருந்தால், அவர் வீட்டிலேயே திறந்து வைத்திருந்து கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு லிட்டரும் அரை லிட்டரும் வாங்கியவர்களின் வாடைக் குறைகளை மட்டும் தனியே எடுத்து மறுபடி பார்த்தோம். எண்ணிக்கை குறைந்தது, மாதங்கள் மாறவில்லை.

கூகுள் மேப்ஸில் இதே கடைகளுக்கும் 'எண்ணெயில் வாடை' என்ற குறை இருக்கிறது. ஆனால் எந்த மாதம், எந்த அளவு என்று தெரியாததால், அங்கே அது வெறும் குறையாகவே நின்றுவிடுகிறது. அமேசானில் அதே குறை, எந்தக் காலத்தில் மூலப்பொருள் பழசாகிறது என்பதைச் சுட்டிக்காட்டியது.

மற்றவர்களால் எளிதில் நிரப்ப முடியாத இடைவெளி இது என்று எங்களுக்குப் பட்டதற்குக் காரணம், பெரும்பாலோர் பருப்பை மண்டியில் விலைக்கு வாங்குகிறவர்கள். எங்களிடம் காய் இருக்கிறது. ஆகவே கோடை அறுவடையில் ஒரு பகுதியைக் காயாகவே நன்கு உலர்த்தி வைத்து, ஆட்டுவதற்குச் சில நாள் முன்பு மட்டும் உடைத்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். கிடங்கில் இடம் அதிகம் பிடிக்கும், உடைக்கும் கூலி தவணை தவணையாக வரும், எலியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில்கள் மட்டும்தான். ஆட்டிய தேதியை லேபிளில் பெரிய எழுத்தில் போடுகிறோம். காய் வைக்கும் செலவைத் தாங்கும் அளவுக்கு விலை கிடைக்குமா என்பது ஆகஸ்ட் மாத எண்ணெய் விற்று, அதற்கு வரும் ரிவியூக்களைப் பார்த்த பிறகே தெரியும்.