பிரெஞ்சில் ஆய்வுச் சுருக்கம்: நான்கு ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரின் வடகரையில் அலையாத்திக் காட்டுச் சேற்றைத் தோண்டி, அதில் எவ்வளவு கரிமம் தங்கியிருக்கிறது என்று அளப்பது என் வேலை. எங்களோடு சேர்ந்து வேலை செய்வது ஒரு பிரெஞ்சுக் குழு. கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். ஆனால் நாங்கள் அனுப்பும் இதழ் ஒவ்வொரு கட்டுரைக்கும் 200 சொல்லில் பிரெஞ்சுச் சுருக்கமும் கேட்கும். அதை ரெஸ்யுமே என்பார்கள். நான் முப்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தவன். நான்கு ஆண்டில் ஏழு ரெஸ்யுமே எழுதியிருக்கிறேன். எந்தக் கருவி கடைசிவரை கை கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை இங்கே சொல்கிறேன்.

முதல் ரெஸ்யுமேயைப் பிழைதிருத்தும் மென்பொருளில் போட்டேன். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. அப்படியே அனுப்பினேன். "காலங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, கலைச்சொற்களைச் சரிபார்க்கவும்" என்று திரும்பி வந்தது. தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டே, புதுச்சேரியில் பிரெஞ்சுவழிப் பள்ளியில் படித்து இங்கே மொழிபெயர்ப்பாளராக இருக்கும் அக்காவிடம் தாளைக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே அவர் விரல் நின்றது.

"தம்பி, சேற்றை ஒரு தடவை போய் எடுத்தீங்களா, இல்ல எப்பவும் எடுத்துக்கிட்டே இருந்தீங்களா?"

"ஒரே தடவைதான் அக்கா, மார்ச் மாசம்."

"அப்படின்னா இது தப்பு. நீங்க எழுதினதைப் படிச்சா, தினமும் போய் எடுத்துக்கிட்டிருந்த மாதிரி இருக்கு."

நான் எழுதியிருந்தது 'நூ பிரெலெவியோன்'. அது ஏம்பார்ஃபே என்ற இறந்தகாலம். வழக்கமாக நடந்ததற்கும், பின்னணியில் நீண்டிருந்த நிலைக்கும் அது பொருந்தும். ஒரு முறை செய்து முடித்த வேலைக்கு 'நூ ஸாவோன் பிரெல்வே' என்று பாஸே கொம்போஸேயில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே இறந்தகாலம் போதும், அதனால்தான் சறுக்கினேன். தமிழில் யோசித்திருந்தால் சறுக்கியிருக்க மாட்டேன். 'எடுத்தோம்' என்பதும் 'எடுத்துக்கொண்டிருந்தோம்' என்பதும் நமக்கு வேறு வேறுதானே. இன்றுவரை செய்முறை வரிகளை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆனால் முடிவுகளைச் சொல்லும் வரிகளில் அந்த உத்தி பலிக்கவில்லை. 'ஆழம் கூடக்கூடக் கரிமம் குறைந்தது' என்று நமக்கு இயல்பாக இறந்தகாலம்தான் வரும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். பிரெஞ்சு ரெஸ்யுமேகளில் அந்த இடத்தில் நிகழ்காலம் நிறைய வருகிறது: 'லா தெனர் திமினியு', அளவு குறைகிறது. தரவு இதோ நம் முன்னால் இருக்கிறது, அது இப்படிக் காட்டுகிறது என்ற தொனி. இறந்தகாலத்தில் எழுதினாலும் பிழையில்லை. என் தாளில் இருந்த சிக்கல் வேறு. ஒரு முடிவு நிகழ்காலத்திலும், அடுத்தது ஏம்பார்ஃபேயிலும், அதற்கடுத்தது பாஸே கொம்போஸேயிலும் இருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரியான வாக்கியங்கள். அதனால்தான் மென்பொருள் பேசாமல் இருந்தது. அது பால், எண் ஒப்புமையைப் பிடித்துவிடும், அதில் குறை சொல்ல மாட்டேன். முந்தின வரியில் என்ன காலத்தைத் தேர்ந்தோம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

ஆகவே இப்போது இப்படிச் செய்கிறேன். பொதுவாக அறிந்த உண்மைக்கு நிகழ்காலம், நாங்கள் செய்த வேலைக்கு பாஸே கொம்போஸே, முடிவுகளுக்கு நிகழ்காலம் என்று எழுதும் முன்பே முடிவு செய்துவிடுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் வைத்து, இந்த ஒரு வரிக் கட்டளையை ஓட்டுகிறேன்:

```
grep -nowE "a|avons|ont|[[:alpha:]]+(ait|aient)" resume.txt
```

பெரும்பாலான இறந்தகால, நிபந்தனை வினைகள் வரி எண்ணோடு வந்து நிற்கும். 'extrait', 'fait' போன்ற அப்பாவிச் சொற்களும் சேர்ந்து வரும், அவற்றைத் தள்ளிவிடலாம். முடிவுப் பகுதியின் வரி எண்ணில் ஏதாவது சிக்கினால் அங்கே காலம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஏழில் ஐந்து ரெஸ்யுமேயில் இப்படி ஒன்றாவது சிக்கியது.

அந்தப் பட்டியலில் நான் மிகவும் கவனிப்பது '-rait' என்று முடிவதை. முதல் தாளில் எங்கள் அளவீட்டையே 'ஸ்தொக்கெரே' என்று எழுதியிருந்தேன், பணிவாக ஒலிக்கட்டும் என்று. பிரெஞ்சுச் செய்தித்தாள்கள் உறுதிப்படாத செய்தியைச் சொல்லும் வடிவம் அது. 'சேமிக்கிறதாம்' என்று நாம் சொல்வதைப் போல. நானே அளந்ததை நானே 'ஆம்' போட்டுச் சொல்லியிருக்கிறேன்! இப்போது அந்த வடிவத்தை ஒரே இடத்தில் வைத்துக்கொள்கிறேன்: காரணத்தை ஊகிக்கும் கடைசி வரியில். ஓதம் புகும் நேரத்தோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று சொல்லும்போது அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

அப்புறம் கலைச்சொற்கள். ஆங்கிலத்தில் காட்டுக்கும் மரத்துக்கும் 'மாங்குரோவ்' என்ற ஒரே சொல் ஓடும். பிரெஞ்சில் மாங்குரோவ் என்றால் காடு, மரம் பலெத்துவியே. 'மாங்குரோவின் வேர்' என்று நான் எழுதியது அவர்கள் காதில் காட்டின் வேர் என்று விழுந்தது. குழாயை இறக்கி எடுக்கும் மண் உருளைக்குப் பெயர் கரோத், நாம் சமைக்கும் கேரட்டேதான். இதை நம்பாமல் 'உருளை' என்று நேரடியாக மொழிபெயர்த்துவிட்டேன். ஒப்பீட்டுக்கு வைத்த இடத்துக்கு 'கொந்த்ரோல்' என்று எழுதினேன். அது சரிபார்ப்பது என்ற பொருளைத் தரும். ஆய்வு வழக்கில் அது தெமுவேன், அதாவது சாட்சி. எரித்து எடை இழப்பைப் பார்க்கும் முறை பெர்த் ஓ ஃபோ, நெருப்புக்குக் கொடுத்த இழப்பு. இவற்றில் எதையும் அகராதியை வைத்து ஊகிக்க முடியாது.

கனடா அரசின் TERMIUM Plus தளத்தில்தான் தொடங்குவேன். 2009இலிருந்து இலவசம், துறைப் பெயரோடு சொல் தருவது அதன் பலம். கியூபெக்கின் தளமும் பிரான்சின் FranceTerme தளமும் கூட உண்டு. FranceTerme அரசு பரிந்துரைத்த சொல்லைச் சொல்கிறது. ஆய்வகத்தில் அதைத்தான் சொல்கிறார்களா என்பது தனிக் கேள்வி. இரண்டு மூன்று சொல் கிடைத்து நான் குழம்பும்போது தீர்த்து வைப்பது theses.fr. பிரெஞ்சுப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் சுருக்கங்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அங்கே இருக்கின்றன. `palétuvier carotte` என்று தேடினால் நியூ கலிடோனியா, பிரெஞ்சு கயானா போன்ற இடங்களின் அலையாத்திக் காடுகளில் வேலை செய்தவர்கள் அந்தச் சொல்லை எந்த வினையோடு சேர்க்கிறார்கள் என்று பார்க்கலாம். காலத்தைக் கையாளும் விதத்தையும் அங்கேதான் கற்றேன். ஒரே எச்சரிக்கை, ஆசிரியர் பிரெஞ்சு தாய்மொழிக்காரர்தானா என்று அங்கே தெரியாது. அதனால் ஒரு சொல் குறைந்தது மூன்று ஆய்வேட்டில் வந்தால்தான் எடுத்துக்கொள்கிறேன்.

எடுத்த சொல்லை ஒரு தாளில் எழுதி, ரெஸ்யுமே முழுக்க அதையே வைக்கிறேன். பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல் திரும்ப வந்தால் மதிப்பெண் குறைப்பார்கள் என்ற பயத்தில் முன்பு 'தெனர்' என்று ஒரு வரியிலும் 'கொன்சாந்த்ரசியோன்' என்று அடுத்த வரியிலும் எழுதினேன். படித்தவர் இரண்டு வேறு அளவீடு என்று நினைத்துக்கொண்டார்.

இன்னும் தீராத ஒன்று, ஆண்டுக்கு எவ்வளவு கரிமம் படிகிறது என்பதற்கான சொல். 'தோ' என்றும் பார்க்கிறேன், 'வித்தெஸ்' என்றும் பார்க்கிறேன், இரண்டுக்கும் மூன்றுக்கு மேல் ஆய்வேடு கிடைக்கிறது. அக்காவும் துறைக்காரரைக் கேள் என்கிறார். இப்போதைக்கு 'தோ' போட்டு, பக்கத்திலேயே அலகை முழுதாக எழுதிவிடுகிறேன்: g C m⁻² an⁻¹.