பர்ன்டவுனா, பர்ன்அப்பா: வேலை கூடும்போது எது உதவும்?

இரண்டும் ஒரு திட்டத்தில் வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று காட்டும் வரைபடங்கள். வேலையின் அளவைப் புள்ளிகளில் கணக்கிடுகிறோம்; மொத்தம் 100 புள்ளி வேலை, ஸ்பிரிண்ட் எனும் ஒவ்வொரு குறுகிய வேலைச் சுற்றுக்கும் 20 முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஸ்பிரிண்டில் வாடிக்கையாளர் புதிதாக 20 சேர்க்கிறார்.

பர்ன்டவுன் மிச்சத்தை மட்டும் காட்டும்: 100, 80, 60, மறுபடியும் 60. கோடு படுத்துவிடுவதால் குழு சும்மா இருந்தது போலத் தெரியும். மேலாளரும் அப்படித்தான் கேட்பார்.

பர்ன்அப்பில் இரண்டு கோடுகள். முடித்த வேலை 20, 40, 60 என்று ஏறுகிறது. மொத்த வேலை 100-லிருந்து 120-க்குத் தாவுகிறது. வேகம் குறையவில்லை, வேலைதான் கூடியது என்று பார்த்தவுடனே புரியும். இடைவெளி 60, அதாவது இன்னும் மூன்று ஸ்பிரிண்ட். ஒவ்வொரு முறையும் இப்படி 20 கூடினால் கோடுகள் சந்திக்கவே சந்திக்காது. அந்தப் படத்தைக் காட்டி, எதை எடுத்துவிடலாம் என்று வாடிக்கையாளரிடமே கேட்கலாம்.

சரி, வேலை மாறாத இரண்டு வார ஸ்பிரிண்டுக்கு? பர்ன்டவுனே போதும்.