கோபக் கடிதத்தைத் திருத்துவதா, தகவலைப் பிரித்தெடுத்துப் புதிதாக எழுதுவதா?

சப்ளையருக்கு எழுதிய புகார்க் கடிதம் சூடாக இருக்கிறது, அதிலுள்ள தகவல் ஒன்றுகூடக் குறையாமல் நிதானமான, ஆனால் உறுதியான கடிதமாக மாற்ற வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உண்டு. கைவசமுள்ள கடிதத்தையே வைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாகக் கடுஞ்சொற்களை நீக்கிவருவது ஒன்று. கடிதத்திலுள்ள தகவல்களை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதி, பழைய கடிதத்தை மூடிவைத்துவிட்டு, அந்தத் தாளைப் பார்த்துப் புதிதாக எழுதுவது மற்றொன்று. கொள்முதல் பிரிவில் பிறர் எழுதும் கடிதங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். ஆயத்த மாதிரிக் கடிதத்தில் பெயரையும் தேதியையும் நிரப்புவதை மூன்றாவது வழியாகச் சிலர் சொல்வதுண்டு. மாதிரியில் இடமில்லாத தகவல் கடிதத்திலும் இடம்பெறாது என்பதால் அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

வேகம் என்று பார்த்தால் முதல் வழிக்கே வெற்றி. எழுதியவரின் நடையும் அதில் ஓரளவு தங்கும். ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: வேலை முடிந்தபின், எல்லாத் தகவலும் அப்படியே இருக்கின்றனவா என்று சோதித்துப் பார்க்க எந்த வழி இடம் தருகிறது என்பதே அது.

அட்டைப்பெட்டிகள் வாங்கும் ஒரு நிறுவனத்தின் கடிதம் இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

"உங்களுக்கு எண்ணத் தெரியாதா? 1,200 பெட்டி கேட்டால் 1,140 அனுப்பிவிட்டு 1,200-க்கும் பில் போடுகிறீர்கள், இது பகல் கொள்ளை. வழக்கம்போல ஒன்பது நாள் தாமதம் வேறு. 400 பெட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில் 86 பெட்டிகளுக்கு அடிப்பக்கம் ஒட்டவே இல்லை, அத்தனையும் குப்பை. மூன்று முறை போன் செய்தும் ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை."

இதை வரிவரியாகத் தணிப்பவர் கை பெரும்பாலும் இப்படித்தான் போகும்: "தாங்கள் அனுப்பிய சரக்கில் எண்ணிக்கை சற்றுக் குறைவாக இருப்பதாகத் தெரிகிறது. சரக்கு வந்து சேர்வதிலும் சிறிது தாமதம் ஏற்பட்டுள்ளது. சில பெட்டிகளின் ஒட்டு சரியாக இல்லை. தொலைபேசியில் தொடர்புகொள்ள முயன்றோம்." படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் 60 பெட்டிகள் "சற்று" ஆகிவிட்டன, ஒன்பது நாள் "சிறிது" ஆகிவிட்டது, 86 "சில" ஆகிவிட்டது. பில் முழு எண்ணிக்கைக்கும் வந்தது என்ற செய்தி, பகல் கொள்ளை என்ற சொல்லோடு சேர்ந்தே அடிபட்டுப்போயிற்று. எண்ணிப் பார்த்துச் சொன்ன குறைவு "தெரிகிறது" என்று முடிந்ததால் ஐயமாகவும் ஆகிவிட்டது. திரும்ப அழைக்கவில்லை என்பது சப்ளையர் மீதான குற்றச்சாட்டு; "முயன்றோம்" என்றதும் அது நம்முடைய முயற்சியைப் பற்றிய செய்தியாக மாறிவிட்டது.

இது கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. கோபமாக எழுதப்பட்ட வாக்கியத்தில் தகவலும் வசவும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால், வசவைப் பிடுங்கும்போது தகவலும் கூடவே வந்துவிடுகிறது. மேலே உள்ளவற்றுள் "வழக்கம்போல" என்பதே நல்ல எடுத்துக்காட்டு. அது குத்தலாகத் தொனிப்பதால் திருத்துபவர் முதலில் அடிப்பது அதைத்தான். ஆனால் முன்பும் தாமதமாயிற்று என்ற கூற்று அந்தக் கடிதத்தில் வேறெங்கும் இல்லை. "குப்பை" என்பதும் அப்படியே: அந்தப் பெட்டிகள் பயன்படுத்த முடியாதவை என்ற கூற்று அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. "உங்களுக்கு எண்ணத் தெரியாதா" என்பதிலோ எந்தத் தகவலும் இல்லை. அதை இழப்பின்றி நீக்கலாம்.

பிரித்தெடுக்கும் வழியில் இந்தப் பாகுபாடு எழுதத் தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. கடிதத்தை மேலிருந்து கீழாகப் படித்து, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்க வேண்டும். ஆணை 1,200, வந்தது 1,140, பில் 1,200-க்கு, ஒன்பது நாள் தாமதம், முன்பும் தாமதம், 400-இல் 86 ஒட்டவில்லை, அவை பயன்படா, மூன்று அழைப்புகளுக்கும் பதில் அழைப்பு இல்லை. ஆக எட்டு. ஒவ்வொன்றின் எதிரிலும் சான்று எதுவென்று குறிக்க வேண்டும்: கொள்முதல் ஆணை, டெலிவரி சலான், பில், சரக்கு வரவுப் பதிவேடு, அழைப்புப் பட்டியல்.

இங்கே ஒரு கட்டுப்பாடு தேவை. சான்று கிடைக்காத தகவலைத் திருத்துபவர் தாமாக நீக்கக் கூடாது, மங்கலாக்கவும் கூடாது; எழுதியவரிடம் கேட்க வேண்டும். "முன்பும் தாமதம்" என்பதற்குப் பதிவேட்டைப் புரட்டியபோது முந்தைய இரண்டு ஆணைகளும் முறையே 4 நாளும் 6 நாளும் பிந்தியது தெரியவந்தால், குத்தலாக இருந்த சொல் வலுவான வாதமாகிவிடும். ஒன்றுமே பிந்தவில்லை என்றால், அந்தக் கூற்றைத் திரும்பப் பெறுவதா என்பதைக் கடிதத்துக்கு உரியவரே முடிவு செய்யட்டும். அதேபோல, 400-ஐப் பிரித்ததில் என்ற வரம்பும் தகவலின் பகுதியே. அதை விட்டுவிட்டு 86 என்று மட்டும் எழுதினால், மீதி 740 பெட்டிகளும் சோதிக்கப்பட்டு நன்றாக இருந்தன என்று எதிர்த்தரப்பு படித்துக்கொள்ள இடமுண்டு.

அந்தத் தாளிலிருந்து எழுந்த கடிதம் இது:

"எங்கள் ஆணையின்படி 14ஆம் தேதி வர வேண்டிய 1,200 பெட்டிகளுக்குப் பதிலாக, 23ஆம் தேதி 1,140 பெட்டிகளை ஒப்படைத்தீர்கள். ஆனால் பில் 1,200 பெட்டிகளுக்கு உள்ளது. முந்தைய இரண்டு ஆணைகளும் முறையே 4 நாளும் 6 நாளும் தாமதமாக வந்தன. இதுவரை பிரித்த 400 பெட்டிகளில் 86 பெட்டிகளின் அடிப்பக்கம் ஒட்டாமல் விரிவதால் அவற்றைப் பயன்படுத்த இயலாது. மீதி 740 பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. இது குறித்து மூன்று முறை தொலைபேசியில் அழைத்தோம். உங்களிடமிருந்து பதில் அழைப்பு வரவில்லை. வராத 60, பயன்படாத 86, ஆக 146 பெட்டிகளுக்கான கிரெடிட் நோட்டை வரும் 30ஆம் தேதிக்குள் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதில் ஒரு வசவும் இல்லை; ஆனால் முதல் கடிதத்தைவிட இதற்குப் பதில் சொல்வது கடினம். ஒப்படைத்தது யார், பில் போட்டது எத்தனைக்கு என்பதில் மழுப்பல் இல்லாததும், கோரிக்கைக்கு எண்ணிக்கையும் தேதியும் இருப்பதுமே இதன் உறுதி. கோபக் கடிதத்தில் என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை என்பதையும் பட்டியல் போட்டபோதுதான் கவனிக்க முடிகிறது.

கடைசிச் சோதனையை இரு திசையிலும் செய்ய வேண்டும். எட்டு எண்களும் புதிய கடிதத்தில் உள்ளனவா என்பது ஒன்று. புதிய கடிதத்தில் பட்டியலில் இல்லாத கூற்று ஏதேனும் நுழைந்துவிட்டதா என்பது மற்றொன்று. 60, 146, 740 ஆகியவை கழித்தலும் கூட்டலும் மட்டுமே என்பதால் இருக்கலாம். 14, 23 ஆகிய தேதிகளும் முந்தைய ஆணைகளின் நாள்கணக்கும் ஆவணத்திலிருந்து வந்தவை என்பதால் அவற்றைப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். வாக்கியம் வாக்கியமாகத் திருத்தியிருந்தால் இப்படி ஒப்பிட ஒரு தாளே இருக்காது.

முதல் வழிக்கும் இடமுண்டு. ஒரே குறை, ஒரே எண், மூன்று நான்கு வரி என்ற அளவிலான கடிதத்துக்குப் பட்டியல் போடுவது வீண் வேலை. நெடுநாள் பழகிய சிறு சப்ளையருக்கு எழுதும்போது, எண்களை அடுக்கிய கடிதம் தேவைக்கு மேல் விறைப்பாகத் தெரியவும் கூடும். வழக்கு வரை போகும் என்று தோன்றும் தகராறிலோ இரண்டு வழிகளுமே போதா; அங்கே பட்டியலையும் சான்றுகளையும் வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு, கடிதத்தை அவரே எழுதட்டும் என்று விடுவதுதான் முறை.