ஒன்பது நாள் கிரியேட்டின் விட்டுப்போனது: மறுபடி லோடிங் தேவைப்பட்டதா?

உடற்பயிற்சிக்குத் துணையாக இரண்டு வருடமாகத் தினமும் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் பொடி எடுத்து வருகிறேன். முதல் வருடம் ஒருமுறை நான்கு நாள் விட்டுப்போனதும் பதறிப்போய், இருந்ததெல்லாம் காலியாகிவிட்டது என்று நினைத்து, நான்கு நாள் அளவையும் சேர்த்து 20 கிராமை ஒரே தடவையில் குடித்தேன். அன்று முழுக்க வயிற்றுப்போக்கு. அதனால் பலனும் இல்லை. ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்திருக்கும் தசை கூடுதலாக வாங்கிக்கொள்ளாது, மிச்சம் சிறுநீரில் போய்விடும்.

போன முறை பயணத்தில் டப்பாவை மறந்துவிட்டு ஒன்பது நாள் விட்டேன். மறுபடி லோடிங், அதாவது சில நாள் அதிக அளவு எடுத்துத் தசையை வேகமாக நிரப்புவது, தேவையா என்று இந்தத் தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் எடை 70 கிலோ. இந்த எடையில் உடம்பில் சாதாரணமாகவே சுமார் 120 கிராம் கிரியேட்டின் இருக்கும். தொடர்ந்து எடுப்பதால் அதற்கு மேல் ஒரு 25 கிராம் சேர்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நிறுத்தினால் இந்த மேல்பங்கு ஒரே நாளில் போய்விடாது. பழைய நிலைக்கு இறங்க ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வேகமாக இறங்குவதாகவே வைத்தாலும், ஒன்பது நாளில் போயிருப்பது 7, 8 கிராம்தான்.

உடம்பு ஒரு நாளில் இழப்பது சுமார் 2 கிராம். 5 கிராம் எடுத்தால் அதை ஈடுகட்டிய பிறகும் கொஞ்சம் மிஞ்சும். அது முழுவதும் தசையில் தங்காது என்றாலும், ஒன்றிரண்டு வாரத்தில் குறை நிரம்பிவிடும். அதனால் வந்த மறுநாளே வழக்கமான 5 கிராமைத் தொடங்கினேன். வேறு எதையும் மாற்றவில்லை.

திரும்பி வந்தபோது எடை 600 கிராம் குறைந்திருந்தது. தசை போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை, கிரியேட்டினோடு தசையில் தங்கியிருந்த நீரும் சாப்பாட்டு மாற்றமுமே இதற்குப் பெரும்பாலும் காரணம். முதல் இரண்டு நாள் ஸ்குவாட்டில் கடைசி செட் ஒரு ரெப் குறைந்தது. அதற்குக் கிரியேட்டினைவிட ஒன்பது நாள் பயிற்சி இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். பத்தாவது நாள் எடையும் ரெப்பும் பழையபடி வந்துவிட்டன.

சரி, ஆறு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால்? அப்போது மேல்பங்கு மொத்தமும் கரைந்திருக்கும், முதலிலிருந்து நிரப்ப வேண்டியதுதான். அதற்கும் லோடிங் கட்டாயமில்லை. தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தாலே நான்கு வாரத்தில் நிறையும். அவசரம் இருந்தால் மட்டும் 20 கிராமை நான்கு வேளையாகப் பிரித்து ஐந்தாறு நாள் எடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்த அளவானாலும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இப்போது பயணப்பையில் 5 கிராம் பொட்டலங்களாகக் கட்டி வைத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரு நாள் தவறினால் மறுநாள் அதே 5 கிராம்தான்.