ஒப்பந்தம் பிரிக்கும் மென்பொருள்: ஜூலை 2 என்றது, ஆகஸ்ட் 6 ஆனது

சந்தா விலையைக் குறைத்துவிட்டார்களாம், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒப்பந்தத்தின் பிடிஎஃப்பைக் கொடுத்தால் மைல்ஸ்டோன், பணத்தவணை, ஏற்பு நிபந்தனை மூன்றையும் பிரித்துக் காலவரிசை போட்டுத் தரும் மென்பொருள். எங்கள் சிறிய கம்பெனியில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஏற்பு நிபந்தனையை இது எடுக்கும் விதம் அருமை. கிளையன்ட் சோதித்துப் பார்த்து ஏற்கும் கட்டமான மூன்றாவது மைல்ஸ்டோன் 'யுஏடி முடிவு, 40 சதவீதம்' என்று முன்பக்கம் இருக்கும். எப்போது முடிந்ததாகக் கணக்கு என்பது கடைசி இணைப்பில் ஒளிந்திருக்கும்: முதல் நிலைப் பிழை ஒன்றுகூட இருக்கக்கூடாது, இரண்டாம் நிலை ஐந்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து, தட்டினால் அந்தப் பக்கத்தையே திறந்து காட்டுகிறது.

தேதியில்தான் என் பொறுமை போய்விடுகிறது. ஒப்பந்தத்தில் பெரும்பாலான தேதிகள் தேதிகளே அல்ல, இன்னது நடந்தபின் இத்தனை நாள் என்றுதான் இருக்கும். எங்கள் ஒப்பந்தப்படி, ஒப்படைத்த 10 வேலை நாளுக்குள் கிளையன்ட் பதில் சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளலாம். ஏற்றபின்தான் இன்வாய்ஸ், அதிலிருந்து 30 நாளில் பணம். 2025 ஜூன் 2-ல் ஒப்படைத்தோம். மென்பொருள் அதோடு நேராக 30 நாளைக் கூட்டி ஜூலை 2 என்று பச்சை நிறத்தில் போட்டது. நடுவிலிருக்கும் 10 வேலை நாளைச் சேர்த்தால் ஏற்பு ஜூன் 16, பணம் ஜூலை 16.

அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். கிளையன்ட் பத்தாம் நாள் ஒரு முதல் நிலைப் பிழையைக் காட்டினார். சரிசெய்து ஜூன் 23-ல் மறுபடி கொடுத்தோம். 10 நாள் புதிதாக ஓட, ஏற்பு ஜூலை 7, பணம் ஆகஸ்ட் 6. திரையில் அப்போதும் ஜூலை 2தான்! அதை நம்பி ஜூன் சம்பளத்துக்குத் திட்டம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குறை சொல்லி எழுதினேன், 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

இப்போது அது எடுத்துத் தருவதை எக்செலில் கொட்டி, தேதிப் பத்தியை மட்டும் அழித்துவிட்டு நானே போடுகிறேன். கடைசியாக ஒப்படைத்த நாள் B4-ல் இருக்கும், மறுபடி ஒப்படைத்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்:

```
=WORKDAY(B4,10,Holidays!$A$2:$A$20)+30
```

விடுமுறைப் பட்டியலில் கிளையன்டின் அலுவலக விடுமுறைகளைப் போடுங்கள், உங்களுடையதை அல்ல. வேலை நாள் ஓடுவது அவர்கள் பக்கத்தில்.

நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். காலவரிசை என்று விற்றுவிட்டு நாளைக் கூட்டத் தெரியாததற்கு எந்த விலையும் அதிகம்தான். எங்கள் சந்தாவைப் போன வாரம் புதுப்பித்தாயிற்று. அந்த இணைப்புகளை நான் உட்கார்ந்து படிக்க முடியாது.