ஆடாதோடையா, அதிமதுரமா? ஐந்து வார இருமலில் நாங்கள் பார்த்தது

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டுப் பின்வாசலில் ஆடாதோடை ஒரு தொட்டியில் நிற்கிறது. பக்கத்து வீட்டில் இருக்கும் அத்தையின் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் எப்போதும் அதிமதுரக் குச்சி இருக்கும். யாராவது இருமினால் இரண்டு வீட்டிலிருந்தும் டம்ளர் வரும். இரண்டும் இருமலுக்குத்தான். ஆனால் ஒரே இருமலுக்கு அல்ல.

ஆடாதோடை சளி இருமலுக்கானது. நெஞ்சில் கட்டிய சளி இளகாமல் இழுக்கும்போது, முற்றிய இலை நாலைந்தை நடுநரம்பு நீக்கி நறுக்கி, மிளகு தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகும் வரை அம்மா காய்ச்சுவார். வடிகட்டித் தேன் விட்டாலும் கசப்பு போகாது. ஆடு தொடாத இலை என்பதால்தான் அந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். அதில் உள்ள வாசிசின் என்ற சத்தை மாதிரியாக வைத்துத்தான் சளியை இளக்கும் பிரோம்ஹெக்சின் மருந்தையே உருவாக்கினார்கள். அளவு மிஞ்சினால் வாந்தி வரும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் உண்டு என்பதால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது.

அதிமதுரம் வறட்டு இருமலுக்கு நல்லது. விரல்நுனி அளவு வேரை வாயில் அடக்கினால் அதன் வழவழப்பு தொண்டையில் படிந்து அரிப்பை அடக்கும். சளியை வெளியேற்ற ஆடாதோடையை நம்பும் அளவுக்கு நான் இதை நம்பமாட்டேன். இதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், நாள்கணக்கில் சேரும்போது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். பிபி ஏறும், கால் வீங்கும். பிபி மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இது சாதாரண விஷயமில்லை. இன்னொன்றும் உண்டு: பெரிண்டோபிரில் போன்ற சில பிபி மாத்திரைகளே வறட்டு இருமலைக் கொண்டுவரும். அந்த இருமலுக்கு அதிமதுரம் மென்றால் மாத்திரை இறக்குவதை வேர் ஏற்றிவிடும். அங்கே மாற்ற வேண்டியது மாத்திரையை. அதையும் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

இந்த இரண்டையும் மாமா வரிசையாகக் குடித்தார். வயது 56, லாரி ஓட்டுகிறார், பிபி உண்டு. முதல் வாரம் சளி இருமல். அம்மாவின் கசாயத்தில் சளி இளகி வந்தது. "தம்பி, கரையுது பாரு" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். இரண்டாம் வாரமும் சளி வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் வாரம் இரவில் தூங்க முடியாத இருமல். அத்தை அதிமதுரப் பொடியைப் பாலில் கலந்து இருவேளை கொடுக்க, தொண்டை அடங்கித் தூக்கம் வந்தது. சாயங்காலக் காய்ச்சலை மாமா வேலைக் களைப்பு என்றார். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்தாம் வாரம் சளியில் ரத்தக் கீற்று. ரத்தம் வந்தாலும் ஆடாதோடை கேட்கும் என்பது பழைய வழக்கம் என்று அம்மா மறுபடி இலை பறிக்கப் போனார். நான்தான் தடுத்து அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே பிபி 168/96, கணுக்காலில் வீக்கம். அதிமதுரத்தைப் பற்றி நாங்களாகச் சொன்ன பிறகுதான் டாக்டருக்குக் காரணம் புரிந்தது. பிறகு கேட்டார்: "இருமல் எத்தனை வாரமா?" நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது பெரிதாக எதுவும் கேட்கவில்லை. காசநோய் மேல் நுரையீரலில் சிறு இடத்தில் இருந்தால் இப்படிக் காது ஏமாறும். அதனால் சத்தம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலது மேல்பக்கம் வெண்மையாக ஒரு நிழல். சளியை இரண்டு முறை பரிசோதனைக்குக் கேட்டார்கள், அதில் ஒன்று விடியற்காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்தது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி இருந்தும் தெரியாமல் போகும். காசநோய் என்று உறுதியானது.

இரண்டு மாதம் நான்கு மருந்து, பின்பு நான்கு மாதம் இரண்டு மருந்து. அதிமதுரத்தை நிறுத்திய இரண்டு வாரத்தில் பிபி இறங்கியது. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றாலே இங்கே காசநோயை நினைத்துப் பார்க்கிறார்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயையும் நினைக்கவேண்டி இருக்கிறது. இலையும் வேரும் சளியையும் தொண்டையையும்தான் தொடும். கிருமியும் கட்டியும் அப்படியே இருக்க, இருமல் மட்டும் குறைந்த மாதிரி தோன்றும். மாமாவுக்கு நடந்தது அதுதான்.

வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். நான்கு வயதுப் பேரனுக்கு நோய் இல்லை, ஆனாலும் தடுப்பு மருந்து தொடங்கினார்கள். அந்த ஐந்து வாரமும் சாயங்காலம் அவன் தாத்தா மடியில்தான் உட்கார்ந்திருந்தான்.